நிறுவன இணைப்பினால் குறையும் செலவு: ஒரு கணக்கில் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். போட்டிப் பொருளாதாரம் படித்தவர்களிடம் ஓர் ஐயம் கேட்க விரும்புகிறேன்.

ஒரே மாதிரியான இரு நிறுவனங்கள் தலா 100 ரூபாய்க்குப் பொருள் விற்கின்றன, ஒரு கூடுதல் அலகைத் தயாரிக்க 60 ரூபாய் ஆகிறது, ஒன்று விலையேற்றினால் அது இழக்கும் விற்பனையில் 20 விழுக்காடு மற்றதற்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நிறுவனமாக இணைந்தபின் அந்த விற்பனை வீட்டுக்குள்ளேயே தங்குவதால் விலையேற்ற ஆசை பிறக்கும். அதை ஈடுகட்ட, 40 ரூபாய் லாபத்தை 0.2/0.8 ஆல் பெருக்கி, அலகுக்கு 10 ரூபாய், அதாவது செலவில் ஆறில் ஒரு பங்கு குறைய வேண்டும் என்கிறது பொருளாதார அறிஞர் வெர்டனின் சூத்திரம். தலைமை அலுவலக வாடகை போன்ற நிலையான செலவு எவ்வளவு மிச்சமானாலும் இந்தக் கணக்கில் சேராது.

இதுவரை புரிகிறது. சிக்கல், செலவுச் சேமிப்பு இரு பொருள்களில் ஒன்றில் மட்டும் கிடைக்கும்போதுதான். அமெரிக்காவில் ஹெய்ன்ஸ், பீச்-நட் குழந்தை உணவு இணைப்பை 2001இல் தடுத்த மேல்முறையீட்டு நீதிமன்றம், பீச்-நட்டின் பதப்படுத்தும் செலவு மட்டும் 43 விழுக்காடு குறைவதைப் பார்த்தால் போதாது, இணைந்த நிறுவனத்தின் மொத்த உற்பத்திக்கும் சேர்த்தே சேமிப்பை அளக்க வேண்டும் என்றது. ஆனால் சராசரி எடுத்தாலும் ஒன்று மறைந்துவிடுகிறதே: ஒரு பொருளின் செலவு குறைந்தால் அதன் லாபம் கூடும், வாடிக்கையாளரை அதன் பக்கம் தள்ள மற்றப் பொருளின் விலையை உயர்த்தும் தூண்டுதலும் கூடும். இந்த எதிர்விளைவையும் சேர்த்து, இரு விலைகளும் உயராதிருக்கத் தேவையான சேமிப்பை ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கணக்கிடும் முறையை யாராவது எண்களோடு விளக்க முடியுமா?