முஹர்ரம் மஜ்லிஸ்: எங்கே உட்காருவது, எப்போது எழுவது?

கிழக்கு ஜன்னல்

கூட வேலை பார்க்கிற நண்பர் ஷியா. முஹர்ரம் எட்டாம் இரவு மஜ்லிஸுக்கும், அதாவது துக்கக் கூட்டத்துக்கும், பத்தாம் நாளான ஆஷூரா ஊர்வலத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார். மனைவியும் வருகிறார். 680இல் கர்பலாவில் நபியின் பேரன் ஹுசைன் கொல்லப்பட்டதற்கான துக்கம் என்பது வரைக்கும் தெரியும். உள்ளே என்ன வரிசையில் என்ன நடக்கும், எல்லாரும் அழும்போது நாங்கள் என்ன செய்வது, மார்பில் அடிக்க வேண்டுமா, இதெல்லாம் தெரியாது. போய்வந்தவர்கள், நடத்துகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ராவுத்தர் பேரன்

ரொம்ப யோசிக்காதீங்க சார். வருஷத்தோட முதல் மாசம், அதனால பார்த்ததும் புத்தாண்டு வாழ்த்து சொல்லிடுங்க. ஒன்பது, பத்து ரெண்டு நாளும் நோன்பு. ஆஷூரா அன்னைக்கு நீங்களும் நோன்பு பிடிச்சுட்டுப் போனா நண்பர் ரொம்ப சந்தோஷப்படுவார்.

மஜ்லிஸ்வாசி

பாய், நீங்கள் சொன்னது சுன்னி வீடுகளுக்குச் சரி. ஷியா வீட்டில் ரெண்டுமே இடிக்கும். முதல் பிறை தெரிந்த இரவே அங்கே துக்கம் ஆரம்பித்துவிடுகிறது. வாழ்த்து சொல்கிறவரை யாரும் திட்டமாட்டார்கள், முகம் மட்டும் மாறும். ஆஷூரா அன்று அவர்களும் சாப்பிடாமல், குடிக்காமல்தான் இருப்பார்கள், ஆனால் நோன்பு என்று நிய்யத், அதாவது மனதில் உறுதி, வைப்பதில்லை. பசியும் தாகமுமாக இருந்துவிட்டு, ஹுசைன் கொல்லப்பட்ட பிற்பகல் நேரம் தாண்டியதும் எளிமையாக ஏதாவது சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். அதனால் கிழக்கு ஜன்னல், நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. காலையில் அவர்கள் கண்ணெதிரே சாப்பிடாமல் இருந்தால் போதும்.

அதைவிட முக்கியம் தேதி. இஸ்லாமியக் கணக்கில் நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும். 2025இல் இந்தியாவில் ஆஷூரா ஜூலை 6. எட்டாம் தேதி ஜூலை 4 என்றால், கணக்குப்படி எட்டாம் இரவு ஜூலை 3 மாலையே வந்துவிடுகிறது. ஆனால் ஜூலை 4 மாலையில் நடப்பதை எட்டாம் தேதி மஜ்லிஸ் என்று சொல்கிற வீடுகளும் உண்டு. பிறையைப் பொறுத்து நாட்டுக்கு நாடு ஒரு நாள் வேறு மாறும், அந்த ஆண்டு சவூதியில் ஆஷூரா ஜூலை 5. இந்தக் குழப்பத்தில் மறுநாள் வந்து பூட்டின கதவைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. "இரவு" என்ற வார்த்தையை நம்பாமல், ஆங்கிலத் தேதியும் கிழமையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். செருப்பை வெளியே விட்டுத் தரையில் உட்கார வேண்டும். முட்டி பிரச்சனை இருந்தால் சுவரோரம் நாற்காலி கிடைக்கும், கேட்கலாம். முதலில் இரண்டு மூன்று பேர் இரங்கற்பா ஓதுவார்கள், இசைக்கருவி கிடையாது. பிறகு பேச்சாளர் மிம்பரில், அதாவது மேடையில், ஏறுவார். முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ பேச்சு. அதில் பெரும்பகுதி சாதாரணச் சொற்பொழிவுதான். மார்க்கம், வரலாறு, நபி குடும்பத்தின் சிறப்பு. நடுநடுவே கூட்டம் உரக்க நபியை வாழ்த்தும் ஸலவாத் சொல்லும், "யா அலி" என்று முழங்கும், நல்ல இடத்தில் சிரிக்கக்கூடச் செய்யும். நீங்கள் சும்மா இருக்கலாம். கை மட்டும் தட்டிவிடாதீர்கள்.

கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் புதியவர்களைத் திகைக்க வைக்கும். பேச்சாளரின் குரல் திடீரென்று இறங்கும், பேச்சு கர்பலாவுக்குத் திரும்பும். சில இடங்களில் விளக்கைக் குறைப்பார்கள். ஒரு நிமிடம் முன்பு தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர் தொடையில் அடித்துக்கொண்டு கதறுவார். அதைக் கேட்கத்தான் அவர் வந்தார், அந்த அழுகையே அங்கே வழிபாடு. தோளைத் தட்டுவது, தண்ணீர் நீட்டுவது, "அழாதீங்க" என்பது எதுவும் வேண்டாம். தலையைக் குனிந்து உட்கார்ந்திருங்கள். அழுகை வரவில்லை என்றால் பரவாயில்லை, அக்கம்பக்கம் திரும்பி யார் எப்படி அழுகிறார்கள் என்று பார்ப்பதுதான் தப்பு.

கறுப்புத் துப்பட்டா

தண்ணீர் பற்றி ஒன்று சேர்க்கணும். எட்டாம் நாள் இந்தியாவில் பெரும்பாலும் அப்பாஸின் நாள். முகாமில் குழந்தைகள் தாகத்தில் தவித்தபோது ஆற்றுக்குப் போய் நீர் கொண்டுவர முயன்று கொல்லப்பட்டவர், ஹுசைனின் தம்பி, கொடி தூக்கியவர். பேச்சாளர் அந்த இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடிப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். தெரியாமல் செய்வதுதான், ஆனால் சுற்றி இருப்பவர்களுக்கு அது குத்தும். முன்னாலேயே குடித்துவிட்டு வாங்க.

உங்கள் மனைவிக்கு: பெண்கள் பகுதி தனி, வாசலும் பெரும்பாலும் தனி. அதனால் அவரைக் கூட்டிப்போக நண்பர் வீட்டுப் பெண் ஒருத்தரின் போன் நம்பர் முதலிலேயே வாங்கி வைங்க, இல்லை என்றால் வாசலில் தனியாக நிற்க வேண்டி வரும். கறுப்பு இல்லையென்றால் அடர்நிறத்தில் சாதா உடை, தலை மூடத் துப்பட்டா. சிவப்பு, ஜரிகை, மல்லிகைப்பூ, கண்ணாடி வளையல் வேண்டாம். பக்கத்தில் இருக்கிற பெண் இவர் தோளில் சாய்ந்து அழலாம், விலக்காமல் இருந்தால் போதும். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும், எங்கள் பக்கத்தில் படம் எடுப்பதற்கு அனுமதியே இல்லை.

லென்ஸ் முருகு

ஊர்வலத்தில் சங்கிலியில் கத்தி கட்டி அடித்துக்கொள்வார்களே, அதை வைட் லென்ஸில் கிட்ட இருந்து எடுக்கணும். எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

மஜ்லிஸ்வாசி

முருகு, இங்கே கேள்வி வேறு. கேட்டதால் சொல்கிறேன். கத்தி முதுகுக்குப் பின்னால் சுழன்று வரும், ஆள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருப்பார். மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே சட்டையில் ரத்தத் துளி தெறிக்கும், வைட் லென்ஸ் அங்கே வேலைக்காகாது. வளையத்துக்குள் நுழைந்தால் உங்களைக் காப்பாற்ற அவர் கையை நிறுத்துவார், பின்னால் இருப்பவரின் கத்தி அவர்மேல் படும். முதலில் அந்த அஞ்சுமன், அதாவது ஊர்வலக் குழு, பொறுப்பாளரிடம் கேளுங்கள், ஆள் முகம் தெரிகிற மாதிரி ரத்தப் படம் போடாதீர்கள். இன்னொன்று, இதில் ஷியாக்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. 1994இல் ஈரானின் உச்சத் தலைவராக இருந்த காமெனெயி இதைத் தடுத்துத் தீர்ப்பு சொன்னார். ஏற்காத மற்ற அறிஞர்களும் உண்டு. பல ஊர்களில் அன்று ரத்ததான முகாம் வைக்கிறார்கள். பெரும்பாலான ஊர்வலத்தில் நீங்கள் பார்ப்பது வெறுங்கையால் அடிப்பதுதான்.

ராவுத்தர் பேரன்

நோன்பு விஷயம் புரிஞ்சுது, நன்றி. ஆனா மார்புல அடிக்கணுமான்னு அவர் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலையே?

மஜ்லிஸ்வாசி

வருகிறேன். பேச்சு முடிந்ததும் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். எட்டாம் நாள் என்பதால் உள் அறையிலிருந்து அப்பாஸின் பெயரால் அலம், அதாவது கொடி, கொண்டுவரப்படும். சிலவற்றில் சின்னத் தோல் தண்ணீர்ப்பை தொங்கும். அதைத் தொட்டு முத்தமிட ஒரே நேரத்தில் எல்லாரும் நெருங்குவார்கள். மஜ்லிஸில் தள்ளுமுள்ளு வருவது இந்த ஒரு நேரத்தில்தான், வயதானவர்கள் கீழே விழுவதும் இப்போதுதான். அதனால் வந்ததுமே அலம் எந்தக் கதவு வழியாக வரும் என்று நண்பரிடம் கேட்டு, அதற்கு எதிர்ச்சுவரை ஒட்டி உட்காருங்கள். தொடுவது உங்கள் விருப்பம். தொடாமல் நின்றாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள்.

பிறகு நடுவில் ஒருவர் நவ்ஹா என்ற துக்கப் பாட்டைப் பாட, சுற்றி நின்று அதன் தாளத்துக்கு மார்பில் அடிப்பார்கள். மெதுவாக ஆரம்பித்து வேகம் பிடிக்கும், வளையம் சுருங்கும், முழங்கை படும். ஓரமாக நில்லுங்கள். என் கருத்தில் வெளியார் அடிக்க வேண்டியதில்லை. வலது கையை மார்பில் வைத்துக்கொண்டு நின்றால் அதுவே மரியாதை.

கறுப்புத் துப்பட்டா

இதில் நான் ஒத்துக்கமாட்டேன். மெதுவாகத் தாளத்துக்குக் கையை வைத்து எடுத்தால் சந்தோஷமாகத்தான் பார்ப்பார்கள். ஹுசைனுக்காக யார் துக்கப்பட்டாலும் வரவேற்புதான், மதம் கேட்பதில்லை. ஹைதராபாத்தில் எத்தனை இந்துக்கள் செய்கிறார்கள்.

மஜ்லிஸ்வாசி

அவர்கள் தலைமுறையாக மனசோடு செய்கிறவர்கள். முதல் நாள் வருகிறவர் பார்த்துப் பார்த்துச் செய்தால் நாடகம் மாதிரி ஆகிவிடும் என்பது என் பயம். சரி, இது அவர் நண்பரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியில் ஒன்று, இதைச் சொல்லாவிட்டால் குழம்புவீர்கள். மாத்தம், அதாவது மார்பில் அடிப்பது, நின்றதும் எல்லாரும் ஒரு திசை பார்த்து நின்று ஸலாம் ஓதுவார்கள், நடுவில் திசை மாறித் திரும்புவார்கள், மறுபடியும் திரும்புவார்கள். ஹுசைனுக்கு ஒன்று, மஷ்ஹதில் அடக்கமான இமாம் ரிஸாவுக்கு ஒன்று, பன்னிரண்டாம் இமாமுக்கு ஒன்று. முடிந்துவிட்டது என்று நினைத்து செருப்பைத் தேடப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், எல்லார் முகமும் அவர்களைப் பார்த்தே திரும்பும். நின்ற இடத்தில் நில்லுங்கள்.

ஊர்வலத்துக்குச் சுருக்கமாக: பலர் வெறுங்காலில் நடப்பார்கள், சிகரெட்டைக் கீழே போடாதீர்கள். சாலையைக் கடக்க வேண்டுமென்றால் ஒரு அஞ்சுமனுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி வரும்வரை காத்திருங்கள், கொடிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் புகாதீர்கள். ஆளில்லாமல் வெள்ளைத் துணி போர்த்திய குதிரை வந்தால் அது ஹுசைனின் குதிரை துல்ஜனாவுக்கு அடையாளம். கூட்டத்தில் குதிரை மிரளும், பின்னால் நிற்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். வழியில் ஸபீலில், அதாவது தண்ணீர்ப்பந்தலில், தண்ணீரோ சர்பத்தோ நீட்டினால் வாங்கிக் குடியுங்கள். கர்பலாவில் ஏழாம் நாளிலிருந்து தண்ணீரை மறித்தார்கள், அந்த நினைவில் கொடுப்பது. பட்டினியாக இருப்பவரே அதை உங்களுக்கு ஊற்றிக் கொடுப்பார், அவர் குடிக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். காசு நீட்டாதீர்கள்.

கிழக்கு ஜன்னல்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. மார்பில் அடிப்பதை நண்பரிடமே கேட்டுவிடுகிறேன். மஜ்லிஸ் அவர் அம்மா வீட்டில் நடக்கிறது. வெறுங்கையோடு போவதா? அடுத்த மாதம் தங்கை கல்யாணம், பத்திரிகையையும் அன்றே கொடுத்துவிடலாமா?

கறுப்புத் துப்பட்டா

ஐயோ, பத்திரிகை வேண்டாம். முஹர்ரம் ஒன்றிலிருந்து இரண்டு மாதம் எட்டு நாள் வரை ஷியா வீடுகளில் கல்யாணம், நல்ல காரியம் எதுவும் வைப்பதில்லை. பத்திரிகையை இன்னொரு நாள் ஆபீஸில் நண்பர் கையில் கொடுங்க. கல்யாணமே அந்த நாட்களுக்குள் வருவதால் அவர் வீட்டிலிருந்து யாரும் வராமல் போகலாம், தப்பாக எடுத்துக்க வேண்டாம்.

ஸ்வீட் பாக்ஸ், பூங்கொத்து கொண்டுபோகாதீங்க. முடிவில் எல்லாருக்கும் பிரசாதம் மாதிரி தபர்ருக் கொடுப்பார்கள், அதற்கு ஏதாவது சேர்க்கலாமா என்று இரண்டு நாள் முன்பே கேளுங்க. தண்ணீர் பாட்டில் கேஸ் ஒன்று, டிஷ்யூ பெட்டி சில என்று அவர்களே சொல்வார்கள். உங்களுக்கு வருகிற பொட்டலத்தை வாங்கிக்கோங்க, அங்கேயே சாப்பிட வேண்டும் என்றில்லை. சைவம் என்றால் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல், முன்னாடியே நண்பரிடம் சொல்லிவிடுங்க.