மிளகாய் இலை சுருளுது, ஆப் வைரஸ்னு சொல்லுது. பிடுங்கிடலாமா?

மதுரை மாடி: மொட்டை மாடியில 12 அங்குல குரோ பேக்ல ஆறு மிளகாய்ச் செடி இருக்கு. கோகோபீட், செம்மண், மண்புழு உரம் கலவை. விதைப்பு, தண்ணி, நோய் எல்லாத்துக்கும் ஒரு ஆப் போட்டேன். மூணு நாளைக்கு ஒருதடவை தண்ணி ஊத்தச் சொல்லுது, இங்க மதியமே செடி துவண்டுடுது. இப்ப நுனி இலை சுருளுது. போட்டோ போட்டா இலைச்சுருள் வைரஸ், செடியை அகற்றுன்னு வருது. என்ன பண்ண?

தொட்டித் தோட்டக்காரன்: வைரஸுக்கு மருந்தே கிடையாது. யோசிக்காம பிடுங்குங்க, இல்லேன்னா வெள்ளை ஈ மத்த செடிக்கும் கொண்டுபோயிடும்.

கோமு அக்கா: மருந்து இல்லைங்கறது சரிதான். ஆனா அது வைரஸ்தானான்னு முதல்ல பாக்கணுமே தம்பி. இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்குதா, கீழ்நோக்கியா? மேல்நோக்கின்னா பெரும்பாலும் இலைப்பேன். வெள்ளைத்தாளுக்கு மேல நுனியைத் தட்டினா, மெல்லிசா மஞ்சளா ஊர்றது தெரியும். கீழ்நோக்கி மடங்கி, இலைக்காம்பும் நீண்டிருந்தா மஞ்சள் சிலந்தி. அது கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேணும்.

ஆப்புக்கு முழுச்செடி படம் கொடுக்காதீங்க. ஒரே ஒரு இலை, அடிப்பக்கமும் சேர்த்து, நிழல்ல எடுங்க. பயிர் நோய்க்கு பிளான்டிக்ஸ் தமிழ்லயே இருக்கு. அதுவும் ஊகம்தான், தீர்ப்பு இல்ல.

மாடிவாசி: எங்க கறிவேப்பிலை துளிரே விடமாட்டேங்குது, அதுக்கு எந்த ஆப்?

மதுரை மாடி: அக்கா, நாலு செடியில கீழ்நோக்கித்தான், காம்பும் நீளமா இருக்கு. வேப்பெண்ணெய் போன வாரம்தான் அடிச்சேன்.

கோமு அக்கா: அப்ப சிலந்தியாத்தான் இருக்கும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம், இலை அடிப்பக்கம் நனையற மாதிரி சாயங்காலம் அடிக்கணும். ஆனா எண்ணெய் அடிச்ச ரெண்டு வாரத்துக்குள்ள கந்தகம் போட்டா இலை கருகும், கடும் வெயில் நாள்லயும் அப்படித்தான். அதனால இப்போதைக்கு நுனியைக் கிள்ளி மூடின பையில போடுங்க, இலையடியில தண்ணியைப் பீய்ச்சுங்க.

தண்ணி விஷயத்துல ஆப்பை நம்பாதீங்க. உங்க மாடிச் சூடு அதுக்கு எப்படித் தெரியும்? கோகோபீட் மேல காஞ்சிருந்தாலும் உள்ள ஈரமா இருக்கும். ரெண்டு விரல்கட்டை ஆழம் விட்டுப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. மதியம் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தா அது வெயில்தான். நினைவூட்டலைத் தினமும் காலையில வச்சு, பேரை "விரல் விட்டுப் பார்"னு மாத்திடுங்க.

தொட்டித் தோட்டக்காரன்: அதே ஆப் எனக்குத் தக்காளியை உறைபனி முடிஞ்சு விதைன்னுச்சு! மதுரையில ஏது உறைபனி? ஆடிப்பட்டம், தைப்பட்டம்னு நாமே நாள்காட்டியில குறிச்சுக்கறது மேல்.

மதுரை மாடி: சரி அக்கா. மீதி ரெண்டுல மட்டும் மடங்காம மஞ்சள் திட்டா இருக்கு, அது வைரஸா?

கோமு அக்கா: அது எனக்கும் சந்தேகம்தான். அடியிலை மட்டும்னா சத்துக்குறைவா இருக்கலாம். புது இலையிலயும் பச்சையும் மஞ்சளும் கலந்திருந்தா அந்த ரெண்டையும் தனியா தள்ளி வையுங்க. படம் போடுங்க.

மாடிவாசி: கறிவேப்பிலை?