விம்ப ஏற்ற முறை: வேலையைக் கணித்தால் எனக்கு மட்டும் இரு மடங்கு வருகிறது

ஆறாம் ஒழுங்கை:
வணக்கம். கொழும்பில் இரண்டாம் வருடம் பௌதிகம் படிக்கிறேன். நிலைமின்னியல் டியூட்டில் ஒரு கணக்கோடு மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

புவித்தொடுத்த மிகப் பெரிய கடத்தித் தட்டுக்கு மேலே 5 செ.மீ. உயரத்தில் 10 நனோ கூலோம் புள்ளியேற்றம் இருக்கிறது. முதல் பகுதி, தட்டு அதை இழுக்கும் விசை. தட்டுக்குக் கீழே 5 செ.மீ. ஆழத்தில் −10 நனோ கூலோம் விம்பத்தை வைத்தேன், இடைவெளி 10 செ.மீ., விசை 90 மைக்ரோ நியூற்றன். அது சரி என்று போட்டிருக்கிறார்கள்.

இரண்டாம் பகுதி, அந்த ஏற்றத்தை முடிவிலிக்குக் கொண்டுபோகச் செய்ய வேண்டிய வேலை. 10 செ.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு ஏற்றங்களைப் பிரிக்கும் வேலைதானே என்று போட்டால் 9 மைக்ரோ யூல் வருகிறது. விடைத்தாளில் 4.5. தொகையிட்டும் பார்த்தேன், மறுபடியும் 9. விடைத்தாளில்தான் பிழையோ?

தெமட்டகொட பஸ்:
விடைத்தாள் சரி தம்பி. சக்திச் சூத்திரத்தில் முன்னால் ஒரு ½ இருக்கும், U = ½ Σ qV. நீங்கள் அந்த அரையை மறந்துவிட்டீர்கள். 9ஐ இரண்டால் பிரித்தால் 4.5, அவ்வளவுதான்.

ஆறாம் ஒழுங்கை:
அண்ணா, அந்த அரையைப் போட்டுத்தான் செய்தேன். மேல் ஏற்றத்துக்கு qV, விம்பத்துக்கும் அதே qV, இரண்டையும் கூட்டி அரைவாசி எடுத்தால் திரும்ப ஒரு முழு qV. விம்பம் தரும் அழுத்தம் −899 வோல்ற்று, அதை 10 நனோ கூலோமால் பெருக்கினால் 9 மைக்ரோ யூல். அரை அங்கேயே செலவாகிவிட்டது.

பழைய வோல்ற்மானி:
முதலில் தட்டு ஒழுங்காக எர்த் பண்ணியிருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் ஒருமுறை ஆய்வுகூடத்தில் பென்சில் கரி பூசிய பிங்பொங் பந்தை நைலோன் நூலில் கட்டி, அலுமினியத் தாளுக்கு மேலே தொங்கவிட்டு இந்த விசையை அளக்கப் போனோம். கடற்கரைப் பக்கக் கட்டடம், மழை வேறு. நூலில் ஈரம் படிந்து, அளவெடுப்பதற்கு முன்பே ஏற்றம் கசிந்து போய்விட்டது. உங்கள் பிழையும் கசிவாக இருக்கலாம்.

ஆறாம் ஒழுங்கை:
ஐயா, இது பரிசோதனை இல்லை, தாளில் செய்யும் கணக்கு.

பழைய வோல்ற்மானி:
ஓ. கண்ணாடி போடாமல் வாசித்துவிட்டேன். சரி, தொடருங்கள்.

மின்புலம்:
தம்பி, தொகையிட்டும் 9 வந்தது என்றீர்களே, அந்த வரியை அப்படியே போடுங்கள். பிழை அங்கேதான் வெளிப்படையாகத் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஆறாம் ஒழுங்கை:
இதோ அக்கா. z என்பது தட்டிலிருந்து ஏற்றம் இருக்கும் உயரம், d = 5 செ.மீ.

```
W = ∫ k q² / (z + d)² dz     (z = d → ∞)
  = k q² / (2d)
```

மின்புலம்:
நினைத்த இடம்தான். கீழே இருக்கும் d-ஐப் பாருங்கள். ஏற்றத்தை மேலே தூக்கிக்கொண்டு போகிறீர்கள், விம்பத்தை 5 செ.மீ. ஆழத்திலேயே விட்டுவிட்டீர்கள்.

பாதி வழியில் ஒரு இடத்தில் நின்று பார்ப்போம். ஏற்றம் 10 செ.மீ. உயரத்துக்கு வந்துவிட்டது. உங்கள் படத்தில் விம்பம் இன்னும் −5இல் இருக்கிறது, இடைவெளி 15 செ.மீ., விசை 40 மைக்ரோ நியூற்றன். இப்போது தட்டின் நடுப்புள்ளியில் அழுத்தம் என்ன? மேல் ஏற்றத்தால் +899 வோல்ற்று, விம்பத்தால் −1798. கூட்டினால் −899. புவித்தொடுத்த தட்டில் எப்படி −899 வோல்ற்று இருக்கும்? விம்பத்தை வைத்ததே தட்டில் எல்லா இடத்திலும் பூச்சியம் வரவேண்டும் என்பதற்காகத்தானே. அது உடைந்ததும் அந்த விம்பத்துக்கு அங்கே இருக்க உரிமை இல்லை. 10 செ.மீ. உயரத்துக்கு விம்பம் −10இல், இடைவெளி 20 செ.மீ., விசை 22.5 மைக்ரோ நியூற்றன் மட்டும். நீங்கள் போட்ட 40 மிக அதிகம்.

```
W = ∫ k q² / (2z)² dz     (z = d → ∞)
  = k q² / (4d)
```

5 செ.மீ.க்கு 4.5 மைக்ரோ யூல். விடைத்தாள் சரி.

இன்னொரு சோதனையும் இருக்கிறது, பரீட்சையில் அரை நிமிடத்தில் செய்யலாம். சக்தியை d குறித்து வகையிட்டால் விசை வரவேண்டும். −kq²/(4d) ஐ வகையிட்டால் அளவில் kq²/(4d²), அதாவது முதல் பகுதியில் உங்களுக்கு வந்த அதே 90 மைக்ரோ நியூற்றன். உங்கள் −kq²/(2d) ஐ வகையிட்டால் 180 வரும். உங்கள் முதல் விடையே இரண்டாம் விடையை மறுக்கிறது.

தெமட்டகொட பஸ் சொன்ன ½ சூத்திரம் சரிதான், ஆனால் மறந்துபோனது அந்த அரை இல்லை. அந்தக் கூட்டலில் உண்மையாக இருக்கும் ஏற்றங்களைத்தான் போடவேண்டும். உண்மையில் இருப்பவை மேலே உள்ள q-வும் தட்டில் பரவியிருக்கும் ஏற்றமும். தட்டின் அழுத்தம் பூச்சியம், அதனால் அதன் பங்கு பூச்சியம். எஞ்சுவது ½ × 10 நனோ கூலோம் × 899 வோல்ற்று. விம்பத்தையும் கூட்டலில் சேர்த்ததால்தான் தம்பிக்கு முழுசாக வந்தது.

தெமட்டகொட பஸ்:
விடை சரியாக வந்தது, காரணம்தான் பிழையா. ஏற்றுக்கொள்கிறேன். நான் இன்னொரு விதமாகவும் யோசித்தேன்: தட்டுக்குக் கீழே உண்மையில் புலமே இல்லை, விம்பப் படத்தில் மட்டும் கீழேயும் புலம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சமச்சீர், அதனால் உண்மைச் சக்தி பாதி. இது சரிதானே?

மின்புலம்:
சரி, ஆனால் ஒரு இடத்தில் கவனம். புலத்தின் சக்தியைத் தொகையிட்டால் புள்ளியேற்றத்தின் சொந்தச் சக்தியும் உள்ளே வரும், அது முடிவிலி. விம்பப் படத்தில் அப்படி இரண்டு, உண்மைப் படத்தில் ஒன்று. அது d-ஐப் பொறுத்து மாறாது என்று சொல்லிக் கழித்த பிறகுதான் எஞ்சுவது பாதி என்று பேசலாம்.

ஆறாம் ஒழுங்கை:
அக்கா, விம்பம் கூடவே நகரும் என்பது விளங்கிவிட்டது. ஆனால் ஒன்று இன்னும் உறுத்துகிறது. q-க்கும் தட்டில் இருக்கும் ஏற்றத்துக்கும் இடையிலான கவர்ச்சிச் சக்தி உண்மையாகவே 9 மைக்ரோ யூல்தானே? q இருக்கும் இடத்தில் தட்டின் ஏற்றம் தரும் அழுத்தம் −899 வோல்ற்று என்பதில் சந்தேகம் இல்லை. அப்படியென்றால் மற்ற 4.5 எங்கே போனது?

மின்புலம்:
இதைக் கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். டியூட்டில் இல்லாத, ஆனால் கேட்கவேண்டிய கேள்வி.

உங்கள் பிழையான தொகையீட்டுக்கும் ஒரு பௌதிகம் இருக்கிறது. தட்டில் பரவியிருக்கும் எதிரேற்றத்தை அப்படியே உறைய வைத்துவிட்டோம் என்று வையுங்கள், ஒரு இலத்திரனும் அசையக்கூடாது. இப்போது q-வை மேலே கொண்டுபோகிறோம். உறைந்த ஏற்றம் மேல் பக்கத்துக்கு, −5 செ.மீ.இல் அசையாமல் நிற்கும் ஒரு −q போலவே தெரியும். அதனால் வேலை சரியாக 9 மைக்ரோ யூல். உங்கள் தொகையீடு இந்தக் கதைக்குப் பொருந்துகிறது.

ஆனால் கதை முடியவில்லை. q போய்விட்டது, தட்டில் −10 நனோ கூலோம் நடுவில் நெருங்கிக் குவிந்தபடி கிடக்கிறது. எல்லாம் ஒரே குறி, ஒன்றையொன்று தள்ளுகின்றன. உறைவை எடுத்துவிட்டால் விலகி ஓடும், அப்போது சக்தி வெளிவரும். அது எவ்வளவு என்று பார்ப்போம். தட்டில் நடுவிலிருந்து s தூரத்தில்:

```
σ = −q d / [2π (s² + d²)^(3/2)]
V = −k q / √(s² + d²)        (தட்டின் ஏற்றம் மட்டும் தருவது)
½ ∫ σ V 2πs ds = k q² / (4d)
```

சரியாக +4.5 மைக்ரோ யூல். ஆக −9 என்ற கவர்ச்சி, +4.5 என்ற நெரிசல், கூட்டினால் −4.5. q கிட்ட வரும்போது தட்டின் ஏற்றத்தை ஓரிடத்தில் குவிக்கவே பாதி செலவாகிறது. விம்பம் அந்த நெரிசலைக் காட்டாது, ஏனென்றால் அது ஒரு புள்ளி.

ஆறாம் ஒழுங்கை:
தொகையீட்டை இப்போதுதான் கையால் செய்து பார்த்தேன். ∫ s ds/(s²+d²)² = 1/(2d²), மற்றதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகிறது. 4.5 வந்துவிட்டது! அந்த ஏற்றம் எர்த் கம்பி வழியாகத் தட்டுக்கு வருவதற்கு வேலை இல்லையா?

மின்புலம்:
தரையும் பூச்சியம், தட்டும் பூச்சியம். பூச்சியத்திலிருந்து பூச்சியத்துக்கு வர வேலை இல்லை. q-வை மிக மெதுவாக நகர்த்துகிறோம் என்பதும் இதில் மறைந்திருக்கிறது. வேகமாக இழுத்தால் கம்பியில் ஓட்டம் ஓடி வெப்பமாகவும் கொஞ்சம் போகும், அப்போது உங்கள் கை செய்த வேலை 4.5ஐ விடக் கூடும்.

பழைய வோல்ற்மானி:
இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். என் கேள்வி ஒன்று. எங்கள் அலுமினியத் தாள் 40 செ.மீ. சதுரம், பந்து 5 செ.மீ. உயரத்தில். ஈரம் இல்லாத நாளிலும் இந்தச் சூத்திரம் பொருந்தியிருக்குமா?

மின்புலம்:
ஐயா, முடிவில்லாத தட்டில் நடுவிலிருந்து R ஆரைக்குள் இருக்கும் பங்கு 1 − d/√(R²+d²). d = 5 செ.மீ. என்றால் பாதி ஏற்றம் 8.7 செ.மீ.க்குள் இருக்கும். 90 வீதம் வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 50 செ.மீ. ஆரை, 99 வீதத்துக்கு 5 மீற்றர். வால் அவ்வளவு நீளம். ஆனால் விசைக்கு அந்த வால் பெரிதாக உதவாது, தூரத்தில் இருப்பது பலவீனமாகவும் சாய்வாகவும் இழுக்கும். அதனால் உங்கள் தாளில் விசை அவ்வளவு மோசமாக விலகியிருக்காது, மொத்த ஏற்றம்தான் கூடுதலாக விலகும்.

தெமட்டகொட பஸ்:
அப்போது அந்த σ-வை 20 செ.மீ.இல் வெட்டித் தொகையிட்டால் போதுமே?

மின்புலம்:
போதாது. ஓரம் வந்தால் ஏற்றம் அங்கே நின்று குவியும், கொஞ்சம் தாளின் அடிப்பக்கத்துக்கும் போகும், நடுவில் உள்ள பரவலும் மாறும். வெட்டி எடுத்தது ஒரு மதிப்பீடு, விடை இல்லை. சதுரத் தாளுக்கு விம்பத்தால் முடிக்கும் வழி எனக்குத் தெரியாது. தாளைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அழுத்தம் பூச்சியம் என்று சமன்பாடு எழுதிக் கணினியில்தான் தீர்ப்பேன்.

ஆறாம் ஒழுங்கை:
40 செ.மீ. தாளுக்கு அதை நான் எழுதிப் பார்க்கிறேன், 1 செ.மீ. சதுரம் என்றால் 1600 தெரியாக் கணியங்கள். ஒரு சதுரம் தன்மீது தானே தரும் அழுத்தத்துக்கு என்ன போடுவது? தூரம் பூச்சியம் என்று முடிவிலி வருகிறதே.

பழைய வோல்ற்மானி:
தம்பி, பந்தின் விட்டம் 4 செ.மீ. அது புள்ளி இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். 5 செ.மீ. என்று நான் சொன்னது பந்தின் நடுவிலிருந்தா அடியிலிருந்தா என்பது எனக்கே இப்போது நினைவில்லை.