டேக் வாரியாகக் கூட்டினால் லாபம், கணக்கில் நஷ்டம்: ஜர்னலில் எங்கே பிழை?

காலை_9_15:
நிஃப்டி இன்ட்ராடே, மூன்று மாதத்தில் 120 டிரேடு. கூகுள் ஷீட்டில் ஜர்னல். எந்த செட்டப் காசு தருகிறது என்று பார்க்க C காலத்தில் டேக் போட்டு வருகிறேன். ஒரே செல்லில் `ORB, GAP, VWAP` என்று இரண்டு மூன்றுகூட இருக்கும். கூட்டுவது இப்படி:

```
=SUMIF(C:C,"*ORB*",F:F)
```

எல்லா டேக்கையும் கூட்டினால் +₹38,400 வருகிறது. புரோக்கர் கணக்கிலோ −₹9,850. எது தப்பு?

கட்டம்போட்டவர்:
மூன்று ஓட்டை இருக்கிறது. மூன்று டேக் போட்ட டிரேடின் லாபம் மூன்று முறை கூட்டப்படுகிறது. அடுத்து, அந்த நட்சத்திரக்குறி `ORB_FAIL` என்பதையும் சேர்த்து அள்ளும். அது காலையின் முதல் ரேஞ்ச் உடைப்பு தோற்றபின் எதிர்த்திசையில் எடுக்கும் டிரேடு, ஓஆர்பிக்கு நேர் எதிரான செட்டப். மூன்றாவது, C காலம் காலியாக இருக்கும் வரிகள் எந்தக் கூட்டலிலும் வராது. அவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு டிரேடுக்கு ஒரே செட்டப். எழுத விடாமல் டிராப்டவுன் வைத்து விடுங்கள்: `ORB`, `ORB_FAIL`, `VWAP`, `NONE`. கேப் என்பது அன்றைய சூழல். அதற்குத் தனிக் காலம். F-இல் கான்ட்ராக்ட் நோட்டின்படி செலவு கழித்த தொகை. E-இல் நுழையும்போது போட்ட ஸ்டாப்லாஸுக்கான ரூபாய் ரிஸ்க். பிறகு ஸ்டாப்பை நகர்த்தினாலும் இதைத் தொடக்கூடாது. G-இல்:

```
=F2/E2
```

இதுதான் ஆர். லாட் கூடக் குறைய இருந்தாலும் ஒப்பிட முடியும். கடைசியில் செட்டப் வாரிக் கூட்டலும் F-இன் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் எங்கோ டேக் தவறு.

விவாப்_விசிறி:
இவ்வளவு சுற்ற வேண்டாம் நண்பா. எதில் ஜெயிக்கும் சதவீதம் அதிகமோ அதை வைத்துக்கொள், மற்றதை விட்டுவிடு.

ஸ்ட்ராடில்_மாமா:
நான் ஆப்ஷன் விற்பவன். அட்ஜஸ்ட்மென்ட் பண்ணும் ஒவ்வொரு லெக்குக்கும் தனி டேக் போடலாமா?

கட்டம்போட்டவர்:
மாமா, வேண்டாம். எல்லா லெக்குக்கும் ஒரே டிரேடு எண் கொடுத்து, முழுதாக மூடியபின் ஒரு வரியாக எழுதுங்கள். லெக்கைப் பிரித்தால் அட்ஜஸ்ட்மென்ட் தனியாக லாபம் தருவதுபோல் காட்டும்.

காலை_9_15:
காலி வரி 53 இருந்தது! எல்லாம் `NONE` ஆகிவிட்டது. இப்போது இடிக்கவில்லை. 1 ஆர் பெரும்பாலும் ₹1,000.

`ORB` 31 டிரேடு: +6.2 ஆர்
`VWAP` 22 டிரேடு: −0.1 ஆர்
`ORB_FAIL` 14 டிரேடு: +2.1 ஆர்
`NONE` 53 டிரேடு: −18 ஆர்

விவாப்பில் 22-க்கு 15 ஜெயித்திருக்கிறேன். ஆனாலும் ஒன்றும் மிஞ்சவில்லையே?

கட்டம்போட்டவர்:
ஜெயித்தவை சராசரியாக 0.6 ஆர் என்றால் 15-க்கு 9. தோற்றவை 1.3 ஆர் என்றால் 7-க்கு 9.1. அவ்வளவுதான் கணக்கு. விசிறி சொன்ன சதவீதம் மட்டும் பார்த்திருந்தால் இதைத்தான் முதலிடத்தில் வைத்திருப்பீர்கள். தோல்வி 1-ஐத் தாண்டுவது ஸ்டாப்பை மதிக்காததாலா, ஸ்லிப்பேஜாலா என்று அந்த 7 வரியைத் திறந்து பாருங்கள்.

ஓஆர்பியில் மிகப்பெரிய டிரேடு எவ்வளவு?

காலை_9_15:
ஒன்று மட்டும் 7 ஆர். ட்ரெண்ட் டே.

கட்டம்போட்டவர்:
அதை எடுத்துவிட்டால் மீதி 30 டிரேடு −0.8 ஆர். சராசரி 0.2 என்பது அந்த ஒரு நாளின் தயவு.

விவாப்_விசிறி:
இது சரியில்லை. உடைப்பு செட்டப்பின் இயல்பே பத்து சின்ன அடி, ஒரு பெரிய ஓட்டம். பெரியதை வெட்டிவிட்டுப் பார்த்தால் எந்த ஓஆர்பியும் தேறாது.

கட்டம்போட்டவர்:
அது நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி ஓட்டம் எத்தனை டிரேடுக்கு ஒருமுறை வரும் என்பதை 31 டிரேடில் யாரும் சொல்ல முடியாது. இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=STDEV(FILTER(G:G,C:C="ORB"))/SQRT(31)
```

0.3-க்குப் பக்கத்தில் வந்தால், 0.2 சராசரி பூஜ்யமாகவும் இருக்கலாம், 0.5 ஆகவும் இருக்கலாம். அதனால் ஓஆர்பியின் லாட்டைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். 14 டிரேடு உள்ள `ORB_FAIL` பற்றிப் பேசவே நேரம் வரவில்லை.

இன்னொன்று: பழைய வரிகளுக்கு இப்போது எப்படி டேக் போட்டீர்கள்?

காலை_9_15:
சார்ட்டைப் பார்த்துத்தான். முடிவு என்ன என்பது தெரியும்...

கட்டம்போட்டவர்:
அப்படியானால் ஜெயித்தவற்றுக்கு அழகான பெயரும் தோற்றவற்றுக்கு `NONE`-உம் போயிருக்க வாய்ப்பு உண்டு. முதல் ஷீட்டில் லாப வரிகளில்தான் இரண்டு மூன்று டேக் இருந்தனவா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் அடையாளம். F, G காலங்களை மறைத்துவிட்டு, சார்ட்டை நுழைந்த நிமிடத்தோடு வெட்டி, 120 வரிக்கும் மறுபடி டேக் போடுங்கள். இனிமேல் ஆர்டர் போடும்போதே டேக், வெளியே வந்தபின் மாற்றக் கூடாது.

காலை_9_15:
லாப வரிகளில்தான் இருந்தன. ஒரே டேக் உள்ள வரிகள் பெரும்பாலும் நஷ்டம். மறுபடி போட்டுவிட்டு எண்களோடு வருகிறேன்.