உதவித்தொகை இல்லாத ஓராண்டு முதுகலை: கடன் வாங்கிப் போகலாமா?

தேன்மொழி: சமூகவியலில் இளங்கலை முடித்துவிட்டு ஓர் ஆய்வுத் திட்டத்தில் கள நேர்காணல் எடுக்கும் வேலை பார்க்கிறேன். பிரிட்டனில் ஓராண்டு சமூகவியல் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது, 2026 செப்டம்பரில் தொடக்கம். கட்டணம் 24,000 பவுண்டு, உதவித்தொகை இல்லை, முழுக்கக் கடன்தான். முடித்ததும் அங்கேயே வேலை பார்த்துக் கடனை அடைத்துவிட்டு, பிறகு முனைவர் பட்டத்துக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். இது நடக்கிற காரியமா? முன்பணம் கட்ட மூன்று வாரம் இருக்கிறது.

வளவன்: தயங்காமல் போங்கள். படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டு வேலை பார்க்கும் விசா யாருடைய தயவும் இல்லாமல் கிடைக்கும். சமூக அறிவியல் படித்தவர்களுக்குத் தொண்டு நிறுவனங்கள், உள்ளாட்சி மன்றங்கள், சந்தை ஆய்வு நிறுவனங்கள் என்று நிறைய கதவுகள் உண்டு. அங்கே போய் நின்றால்தான் ஆட்களைச் சந்திக்க முடியும். இங்கே உட்கார்ந்து உதவித்தொகைக்குக் காத்திருந்தால் வயதுதான் ஏறும்.

இளவேனில்: வளவன், அந்த இரண்டு ஆண்டு இவருக்குப் பொருந்தாது. 2027 ஜனவரி 1க்குப் பிறகு விண்ணப்பிக்கும் முதுகலை மாணவர்களுக்கு 18 மாதம்தான் என்று அறிவித்துவிட்டார்கள். இவர் 2027 இலையுதிர் காலத்தில்தான் முடிப்பார்.

தேன்மொழி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கட்டணம் 24,000. லண்டனுக்கு வெளியே சிக்கனமாக மாதம் 1,200 வைத்தால் ஆண்டுக்கு 14,400. விசா கட்டணமும் மருத்துவக் கூடுதல் கட்டணமும் சேர்ந்து 1,700 அளவில் வரும். ஆக ஏறத்தாழ 40,000 பவுண்டு. வட்டி 10 விழுக்காடு என்று வைத்தால் ஆண்டுக்கு 4,000 வட்டி மட்டும்.

இப்போது வரவு. தொண்டு நிறுவனத்திலோ ஆய்வு உதவியாளராகவோ 28,000 பவுண்டு சம்பளத்தில் சேர்கிறீர்கள் என்று கொள்வோம். வரி போக மாதம் 1,950 சொச்சம் கைக்கு வரும். வாடகை, சாப்பாடு, போக்குவரத்துக்கு 1,400 போனால் மிச்சம் 550. வேலை தேட நான்கு மாதம் கழித்தால் சம்பாதிக்கும் காலம் 14 மாதம். 7,700 பவுண்டு சேரும். அதில் அந்த 18 மாத விசாவுக்கும் அதற்கான மருத்துவக் கட்டணத்துக்குமே 2,400 போய்விடும். மீதி 5,300. அதே காலத்து வட்டியே 6,000. அசலைத் தொடவே முடியாது.

விசா முடிந்த பிறகு தங்க வேண்டும் என்றால் ஒரு நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். அதற்கான பொதுச் சம்பள வரம்பு இப்போது 41,700 பவுண்டு. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கான சலுகை வரம்பே 33,400. சலுகையும் அதிகபட்சம் நான்கு ஆண்டுதான், 18 மாத விசாவில் இருந்த காலமும் அதில் சேரும். நான் மேலே சொன்ன 28,000 வேலை அந்தச் சலுகை வரம்பையே எட்டவில்லை. இந்தத் துறைப் பட்டதாரிகள் பலர் திரும்பி வருவது வேலை கிடைக்காததால் இல்லை. கிடைத்த வேலையின் சம்பளம் இந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுவிடுகிறது.

வளவன்: 28,000 என்று நீங்களே குறைவாக வைத்துவிட்டுக் கணக்குப் போடுகிறீர்கள். சந்தை ஆய்விலும் கொள்கை ஆலோசனை நிறுவனங்களிலும் 33,000க்கு மேல் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அரசியல் அறிவியல் படித்துவிட்டு அப்படித்தான் ஸ்பான்சர் வாங்கினார்.

இளவேனில்: இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த நிறுவனங்கள் கேட்பது கருத்துக்கணிப்பு வடிவமைப்பு, புள்ளியியல், ஆர், ஸ்டாட்டா போன்ற புள்ளியியல் மென்பொருளில் தரவைக் கையாளும் பழக்கம். தேன்மொழிக்குக் கிடைத்த பாடத்திட்டத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயர் சமூகவியல்தான் என்றாலும், ஒரு துறையில் கட்டாய முறையியல் தாள் ஒன்றோடு நின்றுவிடும், இன்னொன்றில் பாதிப் படிப்பே அதுவாக இருக்கும்.

முத்துவேல்: ஜெர்மனியை ஏன் யாரும் சொல்லவில்லை? கட்டணமே கிடையாது. நான் அங்கே இயந்திரவியல் முதுகலை படித்தேன், பகுதிநேர வேலையிலேயே செலவைச் சமாளித்தேன், முடித்த கையோடு வேலை. இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது?

இளவேனில்: முத்துவேல் அண்ணா, உங்கள் துறைக்கு அது சரி. நான் ஜெர்மனியில்தான் சமூக அறிவியலில் முனைவர் பட்டம் முடித்தேன், அதனால் வேறுபாட்டைச் சொல்கிறேன். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். விசாவுக்கு முடக்கப்பட்ட கணக்கில் 11,904 யூரோ காட்ட வேண்டும், அதிலிருந்து மாதம் 992 எடுத்துச் செலவழிக்கலாம். ஈராண்டுப் படிப்பு என்றாலும் பிரிட்டன் செலவில் பாதியளவில் முடிந்துவிடும்.

சிக்கல் மொழி. பொறியியலில் ஆங்கிலத்தை வைத்து ஓரளவு ஓட்டலாம். சமூக ஆய்வு, தொண்டு நிறுவனம், அருங்காட்சியகம், பதிப்பகம் எதுவானாலும் வேலை நடப்பது ஜெர்மனில். அறிக்கை எழுதும் அளவுக்கு, அதாவது சி1 நிலைக்கு, மொழி வரவேண்டும். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். அப்போது மொழியைத் தொடங்கினால் காலம் போதாது. முதல் பருவத்திலிருந்தே படிக்க முடியும் என்றால் மட்டும் ஜெர்மனியைக் கணக்கில் எடுங்கள்.

குறிஞ்சி: அமெரிக்காவில் மானிடவியல் முனைவர் பட்டத்தில் ஆறாம் ஆண்டில் இருக்கிறேன். தேன்மொழி, "பிறகு முனைவர் பட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையான நோக்கம் என்றால், அமெரிக்க முனைவர் படிப்புக்கு முதுகலை கட்டாயமில்லை. இளங்கலையோடு நேராக விண்ணப்பிக்கலாம், முதுகலையை வழியிலேயே தந்துவிடுவார்கள். கட்டணத் தள்ளுபடி, கற்பித்தல் பணிக்கு மாதத் தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாம் பெரும்பாலும் உண்டு. ஐரோப்பாவில் மட்டும் பொதுவாக முதுகலை கேட்பார்கள்.

ஆனால் நல்ல செய்தியை மட்டும் சொல்லக்கூடாது. எனக்கு உறுதியளித்த நிதி ஐந்து ஆண்டு. களப்பணியும் எழுத்தும் அதற்குள் முடியவில்லை, எங்கள் துறையில் பெரும்பாலோருக்கு முடிவதில்லை. தொகையும் ஒன்பது மாதத்துக்குத்தான் வந்தது. கோடை மூன்று மாதம் வெறுங்கை, மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே விருப்பம்போல் வேலை பார்க்கவும் முடியாது. அனுமதிக் கடிதத்தில் "ஐந்து ஆண்டு நிதி" என்று பார்த்துவிட்டு அதை யாரிடமும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். 9 மாதமா 12 மாதமா, ஆறாம் ஆண்டில் என்ன நடக்கும் என்று துறைக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கடைசி ஐந்து ஆண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலையும் கேளுங்கள். தர மறுக்கும் துறையை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று, இடங்கள் சுருங்குகின்றன. பாஸ்டன் பல்கலைக்கழகம் 2024 இறுதியில் பத்துக்கும் மேற்பட்ட மானிட, சமூக அறிவியல் முனைவர் படிப்புகளுக்குச் சேர்க்கையை நிறுத்தியது. சிகாகோ 2026-27க்குக் கலை, மானிடப் புலத்தில் பல துறைகளில் அதையே செய்தது. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்று துறையின் பக்கத்தில் பாருங்கள்.

வளவன்: ஆறு ஆண்டு படித்துவிட்டுப் பேராசிரியர் வேலையும் இல்லை என்றால், ஓராண்டுப் படிப்பே மேல் என்றுதானே ஆகிறது?

குறிஞ்சி: கடன் இல்லாமல் முப்பத்திரண்டு வயதில் வேலை மாறுவதும் கடனோடு இருபத்தைந்தில் திரும்புவதும் ஒன்றில்லை. ஆனாலும் நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பேராசிரியர் பணி ஒன்றே இலக்கு என்றால் நான் யாரையும் வரச் சொல்லமாட்டேன்.

இளவேனில்: அமெரிக்கா பற்றி ஒரு நுணுக்கம். படிப்புக்குப் பின் வேலை அனுமதி எல்லோருக்கும் 12 மாதம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் உள்ள படிப்பு என்றால் மேலும் 24 மாதம். அது பட்டத்தின் பெயரை வைத்து முடிவாவதில்லை, மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகும் பாட எண்ணை வைத்துத்தான். பொதுச் சமூகவியலின் எண் 45.1101, அது பட்டியலில் இல்லை. சமூக அறிவியலில் அளவுசார் முறையியலுக்கான 45.0102 இருக்கிறது. சேருவதற்கு முன்பே அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

குறிஞ்சி: இதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நேர்காணல் எடுப்பதில் தேர்ந்தவரை விசாவுக்காக எண்களின் பக்கம் தள்ளினால், இரண்டாந்தரப் புள்ளியியலாளர் ஆவார். முனைவர் சேர்க்கையில் பார்ப்பது எழுத்து மாதிரியும் ஆய்வுக் கேள்வியும்தான்.

இளவேனில்: முனைவர் சேர்க்கைக்கு அது சரி. வேலைக்கு அப்படியில்லை. இரண்டு தாள் புள்ளியியல் படிப்பதால் நேர்காணல் திறன் போய்விடாது.

தேன்மொழி: எனக்கு எண்கள் மீது பயமில்லை, வாய்ப்புதான் அமையவில்லை. சரி, முன்பணம் கட்டாமல் விட்டால் அடுத்த ஓராண்டை எப்படிப் பயன்படுத்துவது?

இளவேனில்: முதலில் இந்த இடத்தை 2027க்குத் தள்ளிவைக்க முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். தள்ளிவைப்பதற்கே முன்பணம் கேட்டால், திருப்பித் தருவார்களா என்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்புறம், கோடைக்குள் உங்கள் கள வேலையிலிருந்து இருபது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதி முடியுங்கள். அமெரிக்க விண்ணப்பங்களுக்கு அதுவே எழுத்து மாதிரி. அங்கே கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதி. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைகளுக்கு அக்டோபர் முதல் பிப்ரவரி வரை படிப்புக்குப் படிப்பு மாறும். அந்த உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ, இரண்டு ஆண்டு வரை. ஒரு எச்சரிக்கை: உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் வரலாம் என்றும் கடிதம் அனுப்புவார்கள். அது வந்தால் மீண்டும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் பொறுத்துப் பாருங்கள்.

கனடாவின் ஆய்வேடு எழுதும் முதுகலைகளையும் பாருங்கள். கற்பித்தல் உதவியாளர் பணியோடு வரும் இடங்கள் உண்டு. ஆனால் வெளிநாட்டவர் கட்டணத்தைக் கட்டியபின் கையில் என்ன மிஞ்சும் என்பதைத் துறையிடம் எண்ணாகவே கேளுங்கள். முதுகலை முடித்தால் மூன்று ஆண்டு வேலை அனுமதி கிடைக்கும் என்பது அங்கே பெரிய பலம்.

வளவன்: இத்தனையும் செய்து ஒன்றும் கிடைக்காவிட்டால்? ஓராண்டு போனதுதானே?

இளவேனில்: இப்போதிருக்கும் ஆய்வு வேலையை விடாமல் செய்யச் சொல்கிறேன். எதுவும் அமையாவிட்டால், கடன் 15,000 பவுண்டுக்குள் அடங்கும் ஏதாவது ஒரு வழியை மறுபடி பார்க்கலாம். 40,000க்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

வளவன்: நான் இன்னும் போகச் சொல்லும் பக்கம்தான். ஆனால் அந்த 33,400 கோட்டை நானும் கவனிக்கவில்லை. பாடத்திட்டத்தையும் அந்தத் துறையில் முடித்தவர்கள் சேர்ந்த வேலைகளையும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள், தேன்மொழி.

தேன்மொழி: தள்ளிவைக்கக் கேட்டு இன்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். பாடத்திட்டத்தில் முறையியல் தாள் ஒன்றுதான் இருக்கிறது, மீதி எல்லாம் கோட்பாடு. குறிஞ்சி அக்கா, நேர்காணல் பதிவுகள் திட்டத்துக்குச் சொந்தமானவை. அவற்றை வைத்து எழுத்து மாதிரி எழுதலாமா?

குறிஞ்சி: திட்டத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பங்கேற்றவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில் வேறு ஆய்வுக்கும் பயன்படுத்தலாம் என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லை என்றால் அந்தப் பதிவுகளைத் தொடாமல், வெளியான ஆவணங்களை வைத்து எழுதுங்கள். அதுவும் செல்லும்.