‘பனி’ என்று பெயர் வைத்தோம், பாணி என்று வாங்கிப் போனார்கள்

ஹட்டன் கலா
எங்கள் தோட்டத்தில் ஏழு பெண்கள் சேர்ந்து பாத்திரம் கழுவும் திரவம் செய்து விற்கிறோம். விடியற்காலையில் தேயிலை மேல் பனி இறங்கினால் எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்குமே, அதை நினைத்து ‘பனி’ என்று பெயர் வைத்தோம். லேபலில் தமிழ் சின்னதாகவும் PANI என்று ஆங்கிலம் பெரிதாகவும் வந்தது. சாயம் இளம் பழுப்பு. கழுவிக் காயவைத்த பழைய சாராயப் போத்தல்களில்தான் ஊற்றினோம்.

டவுன் கடை முதலாளி அதை வாங்கித் தயிர்ச் சட்டிகளுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார். தயிரில் ஊற்றிச் சாப்பிடுகிற கித்துள் பாணியும் அதே நிறம், அதே போத்தல்தானே! ஒரு அம்மா வாங்கிப் போய், பிள்ளைகளுக்குத் தயிரில் ஊற்ற மூடியைத் திறந்திருக்கிறார். எலுமிச்சை வாசமும் சோப்பு வாசமும் சேர்ந்து வரவே அப்படியே மூடித் திருப்பிக் கொண்டுவந்தார். அன்றே மிச்சம் இருந்த எல்லாப் போத்தலையும் எடுத்துவிட்டோம். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனி என்ன பெயர் வைப்பது?

நுவரெலியா ரவி
அக்கா, பெயரில் பிழை இல்லை, போத்தலில்தான் பிழை. எலுமிச்சம்பழப் படம் ஒன்று போட்டு, ‘மினி’ என்று வையுங்கள். மினுமினு என்பதன் சுருக்கம், சுத்தம் கண்ணிலேயே தெரியும். ‘கிருமி நீக்கும்’ என்றும் கீழே ஒரு வரி போடுங்கள்.

பண்டாரவளை சாந்தி
கலா அக்கா, எங்களுடையது தண்ணீர் மாதிரி ஓடுகிறது. உங்களுடையது எப்படிக் கெட்டியாக இருக்கிறது?

கண்டி லேபல்காரர்
இருபது வருஷமாக லேபல் அச்சடிக்கிறேன். ரவி தம்பி, போத்தலைப் பற்றிச் சொன்னது சரிதான், பெயரைப் பற்றிச் சொன்னது சரியில்லை. PANI என்று எழுதினால் தமிழன் ‘பாணி’ என்று படிப்பான், சிங்களத்திலும் அந்த எழுத்துக்குப் பாணியைச் சொல்லும் பெணிதான் ஞாபகத்துக்கு வரும். ‘மினி’யும் வேண்டாம். சிங்களத்தில் மினிய என்றால் பிணம், சாப்பிடும் கோப்பை கழுவுகிற சாமானுக்கு அது ஆகாது. ‘சுத்தா’ என்று ஒருவர் கொண்டுவந்தார், சிங்களக் காதில் அது வெள்ளைக்காரனைச் சொல்லும் சொல்லாக விழுகிறது. பூ வாசம் என்று ‘மல்’ சேர்த்தால் சிங்களவருக்குப் பூ, நமக்கு மலம் ஞாபகம் வரும்.

எலுமிச்சம்பழத்தைத் தனியாகப் போடாதீர்கள். இந்த நிறத் திரவத்துக்குப் பக்கத்தில் வெறும் பழம் இருந்தால் அது கோர்டியல்தான். நுரை படிந்த கோப்பையும் கையும் பெரிதாக இருக்கட்டும், பழம் மூலையில் இருந்தால் போதும். ‘கிருமி நீக்கும்’ என்பதும் வேண்டாம், உங்கள் திரவம் எண்ணெய்ப் பிசுக்கை இளக்கித் தண்ணீரோடு அனுப்புகிறது, அவ்வளவுதான். ‘பாதுகாப்பானது’ என்பதைப் பெயரிலேயே வைத்தால் ஜனங்கள் அதைப் பிள்ளை எட்டுகிற இடத்தில் வைத்துவிடுவார்கள். எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லும் வரியை மூன்று மொழியிலும் போடுங்கள்.

சாந்தி, உப்பைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். அளவு மீறினால் திரும்பவும் தண்ணீராகிவிடும்.

ஹட்டன் கலா
நேற்றுக் கூட்டத்தில் ‘பளிங்கு’ என்று ஒரு பிள்ளை சொன்னாள். சிங்களத்திலும் பளிங்கு இருக்கிறதாமே?

கண்டி லேபல்காரர்
இருக்கிறது, படிகம் என்ற அர்த்தத்தில். குடிக்கிற, தின்கிற எதையும் ஞாபகப்படுத்தாது. லேபல் இல்லாத போத்தலை முதலில் ஒரு பாட்டியிடமும் ஒரு சின்னப் பிள்ளையிடமும் காட்டி என்ன இது என்று கேளுங்கள். பாணி, ஜூஸ் என்று பதில் வந்தால் நிறத்தையும் போத்தலையும் மாற்றாமல் எந்தப் பெயரும் உதவாது. நான் என்றால் நீலமோ பச்சையோ போட்டு, அமுக்கி ஊற்றுகிற மூடி வைப்பேன். அப்புறம், அச்சடிக்கும் முன்னால் கொழும்பு புலமைச் சொத்து அலுவலகத்தில், கழுவுகிற சாமான்களுக்கான 3ஆம் வகுப்பில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘சுத்தம்’ மாதிரிப் பொருளையே சொல்லுகிற வெறும் சொல் பதிவுக்கு நிற்காது.

தலவாக்கலை ராணி
பளிங்கு என்றதும் எனக்குத் தரைதான் ஞாபகம் வருகிறது, பாத்திரம் வரவில்லை. தரை துடைக்கிற சாமான் என்று நினைத்துச் சீமெந்தில் ஊற்றினால் நுரை போகாது, வழுக்கும். எங்கள் லயத்தில் ஒரு பெரியம்மா அப்படித்தான் விழுந்தார்.

ஹட்டன் கலா
ராணி சொல்வதும் எனக்குச் சரியாகப் படுகிறது. பெயருக்குக் கீழே ‘கோப்பை கழுவ’ என்று பெரிய எழுத்தில் போட்டுப் பார்க்கிறோம். பாட்டியிடம் காட்ட நீலத்தில் இரண்டு போத்தலும் பச்சையில் இரண்டும் நிரப்பியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டு எழுதுகிறேன்.