ஒலிக்காக மாற்றி வைக்கும் சொல்லுக்கு என்ன பெயர்?

விளம்பர எழுத்தாளர், கோவை

எல்லோருக்கும் வணக்கம். ஒரு காபித்தூளுக்கு விளம்பர வரி எழுதினேன். முதலில் 'வாசல் வரை மணம்' என்று வந்தது. பொருள் சரி, ஆனால் கடைசிச் சொல்லில் ஓசை அறுந்துபோனது. நறுமணம், வாசனை என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்து 'வாசல் வரை வாசம்' என்று முடித்தேன். இப்படி ஒலிக்காகவே தேர்ந்தெடுக்கும் ஒத்த பொருள் சொல்லுக்கு ஒரு கலைச்சொல் வேண்டும். எங்கள் பயிற்சிக் கையேட்டில் சேர்க்கப் போகிறோம். 'மோனைப்பதிலி' பொருந்துமா?

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்

நல்ல சொல். முதல் மெய் ஒன்றாக வந்தால் மோனை. 'மணம்' மகரம், 'வாசல்' வகரம். அதனால்தான் முதல் வரி ஒட்டவில்லை.

மாவுக்கடைக்காரர், மதுரை

எங்கள் பாக்கெட்டில் 'மிருதுவான மாவு' என்று போட்டிருக்கிறோம். இன்னும் எடுப்பாக ஏதாவது சொல்லுங்களேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியை

மோனைக்கு மெய் மட்டும் போதாது தம்பி, உயிரும் இனமாக இருக்க வேண்டும். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ இன்னோர் இனம். 'மிருது' என்பதில் இகரம், 'மாவு' என்பதில் ஆகாரம். யாப்பின்படி அங்கே மோனை இல்லை. 'மல்லிகைப்பூ மாவு' என்றால் உண்டு. ம, வ இரண்டும் மோனைக்கு இன எழுத்துகள். ஆகவே 'வாசல் வரை மணம்' என்பதிலேயே மோனை இருக்கிறது! கோவைக்காரரின் காதுக்கு அது போதவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று பாருங்கள். 'குணமும் குளிர்ச்சியும்' என்று ஒரு தைலத்துக்கு எழுதினால் ஏட்டில் இரண்டும் 'கு'. வானொலியில் வாசிக்கும்போது 'குணம்' வடமொழி ஒலிப்போடு வரும், 'குளிர்ச்சி' வல்லொலியோடு வரும். கண்ணுக்குத் தெரிந்த மோனை காதுக்குக் கிடைக்காது. அதனால் பெயரில் 'மோனை' வேண்டாம் என்பேன். 'முதலொலிப் பதிலி' என்று வைக்கலாம்.

பதிலி என்பதிலும் கவனம் வேண்டும். பழைய இலக்கியத்தில் நாற்றம் என்றால் நறுமணமும்தான். அதை நம்பி 'நாவில் நாற்றம்' என்று யாராவது காபிக்கு எழுதிவிட்டால்?

விளம்பர எழுத்தாளர், கோவை

நன்றி அம்மா. என் முதல் வரியிலேயே மோனை இருந்தது எனக்குத் தெரியாது. 'முதலொலிப் பதிலி' துல்லியமாகவே இருக்கிறது. ஆனால் மோனை என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், 'முதலொலி' என்றால் நான் விளக்க வேண்டியிருக்கும். அச்சுக்கு மட்டும் எழுதும் வரியில் 'குணம், குளிர்ச்சி' செல்லும்தானே? அப்போது அதை எந்தப் பெயரால் சொல்வது?

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர்

உயிரின இலக்கணம் எனக்குப் புதிது, திருத்தியதற்கு நன்றி அம்மா. ஆனாலும் 'மிருதுவான மாவு' என் காதுக்கு ஒட்டத்தான் செய்கிறது. அதையும் உள்ளடக்கும் சொல்தான் வேண்டும் என்றால் என் வாக்கு 'முதலொலி'க்கே.

மாவுக்கடைக்காரர், மதுரை

மல்லிகைப்பூ மாவு. அடுத்த அச்சில் போட்டுவிடுகிறேன் டீச்சர்.